கண்தானக் கார்ட்டை அலுமாரிக்குள்ள வைக்காதேங்கோ

அப்பா செத்து எட்டுச்செலவு முடிஞ்ச பின்னேரம் காணி உறுதியள் இருக்கிற அலுமாரியைத் திறந்து வங்கிக்குக் குடுக்க வேண்டிய கடுதாசியளைத் தேடிக்கொண்டு இருந்தனான். பழைய ஐடென்டிகார்ட் போட்டோக்கொப்பிக்குப் பின்னால சின்னதா ஒரு கார்ட் ஒட்டிக்கிடந்தது. கண்தானக் கார்ட். அப்பாவின்ர வடிவான கையெழுத்து, திகதி எல்லாம் போட்டு இருக்கு. அம்மாட்ட காட்டினன், அவ கையில வாங்கிக் கனநேரம் பாத்துக்கொண்டே இருந்தா, பேந்து "எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே இந்த மனுசன்" எண்டு மட்டும் சொன்னா.

அப்பா செத்தது விடிய நாலு மணிக்கு. லண்டனில இருந்து அண்ணா வர மூண்டு நாள் ஆகும் எண்டதால சொந்தக்காரர் ஆரோ ஆறு மணிக்கே மலர்ச்சாலைக்கு ஃபோன் பண்ணி, எட்டு மணிக்குள்ள எம்பாம் பண்ணி முடிஞ்சுது. அதாவது எட்டாம் நாள் கண்டுபிடிச்ச கார்ட்டை அண்டைக்கு எட்டரை மணிக்குக் கண்டுபிடிச்சிருந்தாலும் பிரியோசனம் இல்லை. எம்பாம் பண்ணுற மருந்தில ஃபோர்மலின் இருக்கு, அது உடம்பில இருக்கிற உயிருள்ள கலங்களை இறுக்கிச் சாகடிச்சுப்போடும், அப்பிடி ஆன கண்ணை எடுத்து ஒருத்தருக்கும் வைக்கேலாது. அண்ணா பிந்தி வந்தது பிழை இல்லை, எம்பாம் பண்ணினவையும் தங்கட வேலையைத் தான் செய்தவை. எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது, அவ்வளவு தான்.

அதுக்குப் பிறகு தான் நான் இந்தத் தொண்டு வேலைக்கு வந்தது. கோயில் திருவிழா, சனசமூக நிலையம், பள்ளிக்கூடம் எண்டு ஃபோர்ம் கொண்டு திரியிறன், செத்தவீடு நடக்கிற நேரம் ஆராவது கூப்பிட்டா அங்கையும் போறன். முதல் ரெண்டு வருசம் எத்தினை ஃபோர்ம் நிரப்பினம் எண்டு தான் எண்ணிக்கொண்டு திரிஞ்சன். பேந்து தான் விளங்கிச்சுது, ஃபோர்ம் நிரப்பினவர் தன்ர கண்ணைத் தானே குடுக்கேலாது, அந்த நேரம் அவர் இல்லை. குடுக்கிறது அண்டைக்கு அந்த வீட்டில முழிச்சிருக்கிற ஆக்கள். மனுசி, பிள்ளையள், தம்பி தங்கச்சியள். அவை ஓம் எண்டு கையெழுத்துப் போட்டா மட்டும் தான் கண் எடுப்பினம். வீட்டுக்காரர் வேண்டாம் எண்டு நிண்டா, கார்ட் இருந்தாலும் ஒருத்தரும் வம்புக்கு எடுக்க மாட்டினம். அதே மாதிரி கார்ட்டே இல்லாத ஒருத்தரின்ர கண்ணையும் வீட்டுக்காரர் விரும்பினாக் குடுக்கலாம், இது கனபேருக்குத் தெரியாது.

அவசரம் ஏன் எண்டதைக் கொஞ்சம் விளங்கச் சொல்லுறன், இது விளங்கினா மற்றப் பயம் பாதி போயிரும். கண்தானம் எண்டு பேர் இருந்தாலும் மற்ற ஆளுக்கு நடுறது முழுக்கண்ணை இல்லை. கறுப்பு முழிக்கு முன்னால மணிக்கூட்டுக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்குத் தானே, கோர்னியா எண்டு சொல்லுறது, அதைத் தான். குறுக்கால கிட்டத்தட்ட 12 மில்லிமீற்றர் இருக்கும், நடுவில அரை மில்லிமீற்றர் தடிப்புத் தான். அதுக்குள்ள இரத்தக்குழாய் ஒண்டும் இல்லை. அதின்ர உள்பக்கத்தில ஒரே ஒரு வரிசையில கலங்கள் அடுக்கி இருக்கு, அந்தக் கலங்களின்ர வேலை கோர்னியாக்குள்ள ஊறுற தண்ணியை ஓயாமல் வெளியால இறைக்கிறது. இறைப்பு நிண்டா கோர்னியா ஊதி, புகை பிடிச்ச கண்ணாடி மாதிரி மங்கிப் போயிரும். அந்தக் கலம் செத்தா எங்கட உடம்பு திருப்பி உண்டாக்காது. ஆள் செத்த நேரத்தில இருந்து அதுகளும் ஒவ்வொண்டாச் சாகத் துவங்கும், சூட்டில இன்னும் கெதியாச் சாகும், அதால தான் ஆறு மணித்தியாலத்துக்குள்ள எடுக்கவேணும் எண்டு சொல்லுறது, எங்கட சித்திரை வெயில் மாதிரி நேரத்தில நாலு மணித்தியாலத்துக்குள்ள எண்டா இன்னும் நல்லம்.

இனிக் கொக்குவில் பக்கம் ஒரு மாஸ்ரரின்ர வீட்டில நடந்ததைச் சொல்லுறன். பேர் வேண்டாம், வீட்டுக்காரரிட்டக் கேட்டுத் தான் எழுதுறன். அவருக்கு 78 வயசு, கணக்குப் படிப்பிச்சவர், சலரோகம், பிரஷர், ஒரு கண்ணில கட்டராக்ட் ஒப்பரேஷன், மூக்குக்கண்ணாடி எல்லாம் இருந்தது. ஃபோர்ம் நிரப்பேக்க அவரே கேட்டவர், "பிள்ளை, இந்தப் பழைய சாமான் ஆருக்கு உதவும்?" எண்டு. வயசு பிரச்சினை இல்லை, சலரோகம் பிரஷர் பிரச்சினை இல்லை, கண்ணாடி போடுறதும் பிரச்சினை இல்லை, கட்டராக்ட் எண்டது கோர்னியாக்குப் பின்னால இருக்கிற வில்லையில வாறது, அந்த வில்லையை மாத்தினாலும் கோர்னியா நல்லா இருக்கலாம், இருக்கோ எண்டதை எடுத்த பிறகு மிசினில வைச்சு எண்ணிப் பாப்பினம் எண்டு சொன்னன். அவர் கணக்கு வாத்தியார் எல்லோ, "என்னத்தை எண்ணுவினம்" எண்டு விடாமல் கேட்டு, அந்தக் கலங்களைத் தான் எண்டு சொன்ன பிறகு தான் கையெழுத்துப் போட்டவர்.

நான் அவரிட்ட ஒண்டு கேட்டன், கார்ட்டை எங்க வைப்பியள் எண்டு. அவர் அலுமாரி எண்டார். அப்பாவின்ர கதையைச் சொன்னன். அண்டைக்கே அவர் மனுசியைக் கூப்பிட்டு முன்னால இருத்தி, மகளுக்கும் சொல்லி, ரொறன்ரோவில இருக்கிற மகனுக்கு வட்ஸ்அப்பில எடுத்து "நான் செத்தா என்ர கண்ணைக் குடுக்கவேணும், நீ வாறதுக்காகப் பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது" எண்டு நேரயே சொன்னவர். மகன் "என்னப்பா இப்ப இந்தக் கதை" எண்டு கோவிச்சவன். அந்தக் கோவம் தான் பேந்து உதவினது, ஏனெண்டா அந்தக் கதை அவனுக்கு மறக்கேல்ல.

ரெண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு நாள் விடியப்புறம் 3.10க்கு ஃபோன். மகள் அழுதுகொண்டு, "அக்கா, அப்பா 2.40க்குப் போயிட்டார், என்ன செய்யவேணும்?" குடும்ப டொக்டர் பக்கத்து ஒழுங்கை தான், அவர் வந்து பாத்து உறுதிப்படுத்தி எழுதிக் குடுத்திட்டார் எண்டு சொன்னவ. அது முக்கியம், டொக்டர் உறுதிப்படுத்தாமல் ஒருத்தரும் தொட மாட்டினம். நான் கேட்ட முதல் கேள்வி, மலர்ச்சாலைக்குச் சொல்லிட்டீங்களோ எண்டு. மாமா சொல்லப்போறார் எண்டா. சொல்லட்டும், ஆனா எம்பாம் பண்ணுற ஆக்களை ஏழு மணிக்குப் பிறகு வரச்சொல்லச் சொல்லுங்கோ எண்டன். வெளிநாட்டில இருந்து பிள்ளையள் வாற எங்கட ஊரில எம்பாம் இல்லாத செத்தவீடு குறைவு, ஆனபடியா இதைத் தான் நான் எல்லாருக்கும் முதலாவதாச் சொல்லுறனான். எம்பாம் பண்ணக்கூடாது எண்டு இல்லை. கண் எடுத்த பிறகு தாராளமாப் பண்ணலாம், அது ஒண்டும் கெடாது. முன்பின் மாறக்கூடாது, அவ்வளவு தான்.

பேந்து ஃபோனிலயே சொன்னன், ரெண்டு கண்ணிமையையும் மெதுவா மூடி விடுங்கோ. சுத்தமான தண்ணியில பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு இமைக்கு மேல வையுங்கோ, காயக் காயத் திருப்பி நனையுங்கோ. தலைக்குக் கீழ ரெண்டு தலகணி வைச்சு உயர்த்துங்கோ, தலை பதிஞ்சு கிடந்தா இரத்தம் முகத்துப் பக்கம் இறங்கி, கண் எடுக்கேக்க கசியும், இமை வீங்கும். ஃபானை நிப்பாட்டுங்கோ. இதைக் கேட்டவுடன மகள் "ஐயோ அக்கா, நாங்கள் தலைமாட்டில ரெண்டு ஃபான் போட்டு வைச்சிருக்கிறம்" எண்டா. எல்லா வீட்டிலயும் இப்பிடித் தான் நடக்கும், வெக்கைக்குப் பிரேதம் பழுதாயிரும் எண்டு பயந்து செய்யிறது, ஆனா ஃபான் காத்து நேரா அடிச்சா மூடாத கண் கொஞ்ச நேரத்தில காஞ்சு, கோர்னியாவின்ர மேல் தோல் உரிஞ்சு போகும். ஏசி இருந்தா அதைப் போடலாம், அது குளிர்மை, நல்லது. இல்லாட்டி யன்னலைத் திறந்து விடுறது போதும்.

பிறகு நான் கண் எடுக்கிற குழுவுக்கு ஃபோன் பண்ணிட்டு மோட்டச்சைக்கிளில போய்ச் சேரேக்க நாலு மணி. குத்துவிளக்கு கொழுத்தி, நாடிக்கட்டு கட்டி, நான் சொன்ன மாதிரியே நனைஞ்ச பஞ்சோட மாஸ்ரர் படுத்திருந்தார். மகள் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுப் பஞ்சு நனைச்சுக்கொண்டு இருந்தா.

ஆனா கூடத்துக்குள்ள வேற கதை நடந்துகொண்டு இருந்தது. மாஸ்ரரின்ர மனுசியின்ர தங்கச்சி, எல்லாரும் சின்னம்மா எண்டு கூப்பிடுற ஆள், வயசு எழுபதுக்கு மேல. அவ என்னைக் கண்டவுடன, "பிள்ளை, நீ நல்லதுக்குத் தான் செய்யிறாய், ஆனா அத்தானை அடுத்த பிறப்பில கண்ணில்லாமல் பிறக்க வைக்கப் போறியோ" எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. இந்தப் பயத்தைப் படிக்காத ஆக்களின்ர பயம் எண்டு நினைக்காதேங்கோ, கம்பசில படிப்பிக்கிற ஆக்களும் இதை வேற சொல்லில என்னட்டக் கேட்டிருக்கினம். தங்கட ஆளில அன்பு இருக்கிறதால தான் கேக்கினம். அதால நான் ஒருநாளும் இதுக்கு எதிர்த்து வாதாடுறதில்லை. அண்டைக்கு வாயைத் திறக்க முதல், தேவாரம் படிக்க வந்திருந்த பெரியவர் ஒருத்தர் மெதுவாச் சொன்னார், "தங்கச்சி, கண்ணப்பர் தன்ர கண்ணைத் தோண்டி அப்பினவர். சிவன் அவரைக் குருடனாவே விட்டவர்? நில்லு கண்ணப்பா எண்டு கையைப் பிடிச்சுத் தன்ர பக்கத்தில எல்லோ வைச்சவர்." சின்னம்மா ஒண்டும் பேசேல்ல. கொஞ்ச நேரத்தால "நாளைக்கு நெருப்பில போறது தானே" எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய் ரீ போட்டா. அவவின்ர மனம் முழுக்க மாறினது எண்டு நான் சொல்ல மாட்டன். தடுக்கேல்ல, அது போதும்.

மாஸ்ரரின்ர மனுசிக்கு இருந்த பயம் வேற. அவ ரீச்சரா இருந்தவ, மறுபிறப்பைப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல. "மகன் வந்து முகத்தைப் பாக்கவேணும். அவனுக்குக் குழி விழுந்த முகத்தைக் காட்டேலாது" எண்டு மட்டும் சொன்னா. இது தான் எங்கட பக்கத்தில நான் கேக்கிற முதலாவது பயம், பிரேதத்தை மூண்டு நாலு நாள் எல்லாரும் பாக்க வைக்கிற வழக்கம் எங்களுக்கு இருக்குத் தானே. நான் அவவுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னன். ரெண்டு விதமா எடுப்பினம், சில இடத்தில கோர்னியாவையும் அதைச் சுத்தி இருக்கிற வெள்ளையில ஒரு சின்ன வளையத்தையும் மட்டும், சில இடத்தில முழுக் கண்ணையும். முழுக்கண் எடுத்தா அந்த இடத்தில பஞ்சும் கண் வடிவத்தில ஒரு மூடியும் வைச்சு இமையை வடிவா மூடி விடுவினம். முகத்தை வெட்டுறதோ, இமையை வெட்டுறதோ இல்லை. பதினஞ்சு இருபது நிமிசம் தான் எடுக்கும். சில நேரம் இமை கொஞ்சம் நீலமாகலாம், ஒரு சொட்டு இரத்தம் கசியலாம், அது வராமல் இருக்கத் தான் தலையை உயர்த்தச் சொன்னது. ஒண்டுமே ஆகாது எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை, ஏனெண்டா ஒரு சொட்டு இரத்தம் கண்டாலே பேந்து அந்த ஊரில ஒருத்தரும் எங்களை நம்ப மாட்டினம்.

அவ கேட்டுட்டு ரொறன்ரோவுக்கு வீடியோ கோல் எடுக்கச் சொன்னா. மகன் அங்க பின்னேரம், வேலையில நிண்டவன், எயார்போட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு இருந்தான். நாங்கள் கேக்க முதலே "அப்பா சொன்னதைச் செய்யுங்கோ அம்மா" எண்டான். ரெண்டு வருசத்துக்கு முந்தி மாஸ்ரர் அந்த ஃபோனை எடுக்காமல் விட்டிருந்தா, அந்த நேரத்தில அந்தப் பிள்ளையிட்ட நாங்கள் முதல்முதலா இதைக் கேக்க வேண்டி வந்திருக்கும். அப்பிடிக் கேட்ட வீடுகளில கனக்க இடத்தில "நான் வந்த பிறகு யோசிப்பம்" எண்ட பதில் தான் வாறது, வந்த பிறகு நேரம் போயிடும்.

குழு 5.15க்கு வந்தது. ரெண்டு பேர், ஒரு பெட்டி, ஐஸ் போட்ட சின்னப் பெட்டி ஒண்டு. முதல்ல டொக்டரின்ர கடுதாசியைப் பாத்து, மனுசியிட்டயும் மகளிட்டயும் கையெழுத்து வாங்கி, என்ன வருத்தத்தால செத்தவர், கடைசியா என்ன மருந்து எடுத்தவர் எண்டு கேட்டு எழுதினவை. பிறகு கொஞ்ச இரத்தம் எடுத்தவை. சின்னம்மா "கண் தானே குடுக்கிறது, இரத்தம் என்னத்துக்கு" எண்டு கேட்டவ. எச்.ஐ.வி, ஹெப்பரைற்றிஸ், சிபிலிஸ் மாதிரி வருத்தம் வாங்குறவருக்குப் போகாமல் இருக்கச் சோதிக்கிறதுக்கு எண்டு விளங்கப்படுத்தினவை. விசர்நாய்க் கடி வருத்தத்தால செத்தவை, இரத்தத்தில கிருமி பரவிச் செத்தவை, இரத்தப் புற்றுநோய் இருந்தவை, காரணம் தெரியாமல் செத்தவை, இவையின்ர கண்ணை நடுறதுக்கு எடுக்க மாட்டினம். அப்பிடி வேண்டாம் எண்டு சொன்னா வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாது, வாங்குற ஆளுக்காகச் செய்யிறது. விபத்து, திடீர் மரணம் எண்டா திடீர் மரண விசாரணை அதிகாரியின்ர அனுமதியும் வேணும், அங்க நேரம் பிந்திறது வழக்கம், ஆனபடியா அப்பிடியான வீட்டில முதலே ஒருத்தர் அதுக்கெண்டு போய் நிக்கவேணும்.

அறைக் கதவைச் சாத்திச் செய்தவை. மகள் உள்ள நிக்கட்டோ எண்டு கேட்டா, விருப்பமில்லாட்டி வேண்டாம் எண்டன், அவ வெளியால நிண்டா. 5.50க்குக் கதவு திறந்தது. மாஸ்ரரின்ர மனுசி தான் முதல்ல போனவ. கனநேரம் முகத்தைப் பாத்தா, நெத்தியில திருநீறு அழிஞ்சிருந்தது, அதைத் திருப்பிப் பூசினா. வெளியால வந்து "நித்திரை கொள்ளுற மாதிரித் தான் இருக்கிறார்" எண்டா. ஏழு மணிக்கு எம்பாம் பண்ண வந்தவை. மூண்டாம் நாள் மகன் வந்து பாத்தான், சுண்ணம் இடிச்சு, பேரப்பிள்ளையள் பந்தம் பிடிச்சு, எல்லாம் முறைப்படி நடந்து கோம்பயன்மணல் சுடலைக்குக் கொண்டுபோனது. செத்தவீட்டுக்கு வந்த முந்நூறு பேரில கண் எடுத்தது எண்டு பாத்துக் கண்டுபிடிச்சவர் ஒருத்தரும் இல்லை.

அந்த ஐஸ் பெட்டியைப் பற்றி ஒரு கதை இருக்கு. இலங்கையில இதைத் துவக்கினவர் ஹட்சன் சில்வா எண்ட டொக்டர், 1961ல கண் தான சங்கத்தைத் துவக்கி, 1964ல முதல்முதலா சிங்கப்பூருக்குக் கண் அனுப்பேக்க ரீ கொண்டுபோற ஃபிளாஸ்க்குக்குள்ள ஐஸ் போட்டுத் தான் அனுப்பினவையாம். இப்ப கோர்னியாவை ஊறவைக்கிற விசேஷத் திரவம் இருக்கு, அதுக்குள்ள நாலு பாகை குளிரில ஒரு கிழமை, ரெண்டு கிழமை எண்டு வைச்சிருக்கலாம். ஆனா உறையக்கூடாது, உறைஞ்சா கலம் வெடிச்சிரும். அதால வீட்டில ஆராவது அன்பா நினைச்சு ஐஸ் கட்டியை நேராக் கண்ணில வைக்காதேங்கோ, நனைஞ்ச பஞ்சு தான்.

இன்னொரு பயமும் இருக்கு, அதை ஆக்கள் சத்தமாச் சொல்லுறதில்லை. "கார்ட் இருக்கு எண்டு தெரிஞ்சா ஆஸ்பத்திரியில எங்களைக் காப்பாத்த மாட்டினமோ" எண்டது. ஒருக்கா ஒரு ஐயா ஃபோர்மை நிரப்பிப்போட்டு, கையெழுத்துப் போடாமல் என்னைத் தனியாக் கூப்பிட்டுக் காதுக்குள்ள கேட்டவர். நான் அவருக்குச் சொன்னது, கோர்னியா சிறுநீரகம், இருதயம் மாதிரி இல்லை. அதுகளுக்கு இரத்த ஓட்டம் இருக்கேக்கயே எடுக்க வேண்டி வரும், அதால தான் மூளைச்சாவு எண்ட கதை எல்லாம் வாறது. கோர்னியாக்குள்ள இரத்தக்குழாயே இல்லை எண்டதால இருதயம் நிண்டு மணித்தியாலக் கணக்கானாலும் வீட்டில வைச்சே எடுக்கலாம். வைத்தியம் பாக்கிற டொக்டர் ஒரு ஆள், கண் எடுக்க வாறது வேற ஆக்கள், அவை வாறதே வீட்டுக்காரர் கூப்பிட்டாத் தான். உங்களை அவசரப்படுத்திறதால ஒருத்தருக்கும் ஒரு சதமும் வாறதில்லை, கண்ணை விக்கவும் ஏலாது வாங்கவும் ஏலாது. அவர் யோசிச்சிட்டு வாறன் எண்டு போனவர், ரெண்டு மாசத்தால வந்து கையெழுத்துப் போட்டவர். யோசிக்கிறன் எண்டு போறவையை நான் பின்னால துரத்துறதில்லை.

மாஸ்ரரின்ர கண்ணுக்கு என்ன நடந்தது எண்டு எல்லாரும் கேப்பினம். ஒரு மாசம் போக எங்களுக்குச் சொன்னவை, கட்டராக்ட் ஒப்பரேஷன் செய்யாத கண்ணின்ர கோர்னியாவில கலம் போதிய அளவு இருந்தது, அது ஒருத்தருக்கு வைச்சாச்சு. மற்றதில கலம் குறைவு, அது நடுறதுக்குக் காணாது, படிக்கிற டொக்டர்மார் பழகிறதுக்குப் போனது. ஆளின்ர பேர் சொல்ல மாட்டினம், அவருக்கும் இவையின்ர பேர் தெரியாது. மகள் முதல் கொஞ்சம் கவலைப்பட்டா, "ரெண்டும் உதவேல்லையோ" எண்டு. எனக்கு அதை மறைக்க விருப்பம் இல்லை. ரெண்டு கண்ணாலயும் ரெண்டு பேர் பாப்பினம் எண்டு சும்மா அடிச்சு விடுறதை நான் நிப்பாட்டிக் கனகாலம்.

வாங்குறவை ஆர் எண்டும் ஒருக்காச் சொல்லவேணும். கண்ணில பூ விழுந்தது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுற ஆக்கள், அதாவது கோர்னியா வெள்ளையா மங்கிப் போனவை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வயல்காரர், சூடடிக்கேக்க நெல்லுச்சுணை கண்ணில அடிச்சு, ரெண்டு நாள் தாய்ப்பால் விட்டுப்பாத்து, பேந்து கடையில வாங்கின ஏதோ துளிமருந்து விட்டு, பூஞ்சணம் பிடிச்சுப் புண்ணாகி, டொக்டரிட்டப் போகேக்க தழும்பு விழுந்திட்டுது. அவருக்குப் பின்னால இருக்கிற நரம்பு, விழித்திரை எல்லாம் நல்லா இருந்தது, முன்கண்ணாடி மட்டும் தான் பழுது, அதால கோர்னியா வைச்சதில பயன் கிடைச்சுது. வைச்ச அண்டைக்கே பளிச்செண்டு தெரியாது, தையல் மாசக்கணக்கா இருக்கும், துளிமருந்து கனகாலம் விடவேணும், கண் சிவந்து நொந்து மங்கத் துவங்கினா உடம்பு அதை ஏற்காமல் தள்ளுறதா இருக்கலாம், அண்டைக்கே ஓடவேணும். குளுக்கோமா, விழித்திரை பழுது எண்டு வேற காரணத்தால பார்வை போனவைக்கு இது உதவாது, அவையிட்ட நம்பிக்கை குடுத்து ஏமாத்தக்கூடாது.

மாஸ்ரரின்ர அந்தியேட்டிக்கு கீரிமலைக்குப் போட்டு வந்த பின்னேரம் அவரின்ர மனுசி, ரீச்சர், என்னை வீட்ட வரச்சொன்னவ. மகன் திரும்பிப் போக ரெண்டு நாள் இருந்தது. "எனக்குக் குளுக்கோமா இருக்கு, பத்து வருசமா மருந்து விடுறன், ஒரு பக்கம் தெரியாது. என்ர கண் ஒருத்தருக்கும் உதவாது என்ன" எண்டா. குளுக்கோமாவில பழுதாகிறது கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பு, முன்னால இருக்கிற கோர்னியா நல்லா இருக்கலாம், எடுத்துப் பாத்துத் தான் சொல்லுவினம், எடுக்கேலாது எண்டு இப்பவே ஒருத்தரும் சொல்லேலாது எண்டன். ஃபோர்மைத் தாங்கோ எண்டு வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு மெதுமெதுவா நிரப்பினா. பிறகு கார்ட்டைப் பின்பக்கம் திருப்பி, மகளின்ர நம்பர், மகனின்ர நம்பர், என்ர நம்பர் மூண்டையும் எழுதச் சொன்னா. மகன் எழுதினான். அதை ஃபிரிட்ஜ் கதவில, காஸ் சிலிண்டர்காரரின்ர நம்பருக்குப் பக்கத்தில காந்தத்தால ஒட்டினா. சின்னம்மாவும் அங்க தான் இருந்தவ. அவ கிட்டப் போய் வாசிச்சுப் பாத்திட்டு, "ஃபான் போடாதேங்கோ எண்டதையும் இதில எழுதி விடடா தம்பி" எண்டா.